பாய் கிட்ட குடோன் கேட்ட கதை: ஃபார்வர்டர் யாரு, த்ரீபிஎல் யாரு

24 பெட்டி வாலட் மணலி பக்கம் ஒரு சிஎஃப்எஸ்ல, அதாவது கஸ்டம்ஸ் பாத்து கன்டெய்னர்ல அடுக்கற இடத்துல, உக்காந்துகினு தினம் தினம் வாடகை ஏறிக்கினு இருந்தப்போ தான் எனக்கு சரக்க அனுப்பி விடற ஃபார்வர்டருக்கும், குடோன்ல வெச்சு ஆர்டர் பாத்து அனுப்பற த்ரீபிஎல்லுக்கும் இருக்கிற வித்தியாசம் மண்டைல ஏறுச்சு. அதுக்கு முன்னாடி ஃபார்வர்டர், சிஎச்ஏ, லாஜிஸ்டிக்ஸ் கம்பெனி, த்ரீபிஎல் எல்லாமே "சரக்கு அனுப்பற ஆளுங்க" அவ்ளோ தான்.

எங்க யூனிட் மேல்விஷாரத்துல. 11 பேர் வேலை செய்யறாங்க, லெதர் வாலட், கார்டு ஹோல்டர், கொஞ்சம் பெல்ட். ராணிப்பேட்டைலயும் ஆம்பூர்லயும் ஃபினிஷ்டு லெதர் வாங்கியாந்து வெட்டி தைச்சு குடுக்கறோம். அப்பா காலத்துல சென்னைல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு ஜாப் ஒர்க் மட்டும் தான், வண்டில ஏத்திட்டா அதோட நம்ம வேலை முடிஞ்சுது, அது கப்பல்ல போச்சா எங்க போச்சான்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. நான் வந்தப்புறம் தான் ஜெர்மனில ஒரு சின்ன கடைக்காரர் நேரா ஆர்டர் குடுக்க ஆரம்பிச்சார், இன்னொரு பக்கம் இங்கயே ஆன்லைன்ல நம்ம பேர்ல விக்க ஆரம்பிச்சோம். ரெண்டு வழி, ரெண்டுலயும் ஒவ்வொரு தடவை நல்லா சூடு பட்டாச்சு. அத தான் எழுதறேன், ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு பக்கம் என்ன மாதிரி சின்னதா பண்றவங்க நிறைய பேர் இதே கேள்விய என் கிட்ட கேக்கறாங்க.

முதல்ல ஜெர்மனி கதை. 2,400 வாலட், பெட்டிக்கு 60, மொத்தம் 40 பெட்டி. பெட்டி அளவு 60க்கு 40க்கு 40 சென்டிமீட்டர், அப்போ ஒரு பெட்டி 0.096 சிபிஎம், அதாவது கன மீட்டர், 40 பெட்டி சேர்ந்தா 3.84 சிபிஎம். வெயிட்டு 440 கிலோ தான். இதுக்கு முழு கன்டெய்னர் எடுக்க முடியாது, எல்சிஎல்ல போடணும், அதாவது நம்ம மாதிரி பத்து இருபது பேரோட சரக்க ஒரே கன்டெய்னர்ல அடுக்கி அனுப்பறது. அதுல ஒரு டன்னா ஒரு சிபிஎம்மா, எது அதிகமோ அதுக்கு தான் காசு, நம்ம சரக்கு லேசு ஆனா இடம் அடைக்குது, அதனால 3.84க்கு கட்டணும். இந்த மாதிரி நாலு சிபிஎம் சரக்க எடுத்துகினு நேரா கப்பல் கம்பெனி கிட்ட போனா அவன் சீண்ட கூட மாட்டான், அவனுக்கு கன்டெய்னர் கணக்கு தான். நடுவுல ஒருத்தர் பல பேர் சரக்க சேத்து, கப்பல் கம்பெனி கிட்ட இடம் வாங்கி, நமக்கு பங்கு பிரிச்சு குடுக்கணும். அந்த ஆளு தான் ஃபார்வர்டர். அவருக்குன்னு கப்பல் கிடையாது, நிறைய பேருக்கு லாரி கூட கிடையாது, அவர் கிட்ட இருக்கறது இடம் வாங்கற பழக்கமும் பேப்பர் வேலையும் அந்த பக்க ஊர்ல ஒரு ஏஜென்ட்டும் தான். சரக்க ஏத்துனதுக்கு சீட்டா கப்பல் கம்பெனி அவருக்கு ஒரு மாஸ்டர் பில் குடுக்கும், அவர் நமக்கு தன்னோட ஹவுஸ் பில் குடுப்பார். இன்ன சரக்கு ஏற்றுமதி பண்றோம்னு கஸ்டம்ஸ்ல ஷிப்பிங் பில் போடறது லைசென்ஸ் வெச்சிருக்க கஸ்டம்ஸ் புரோக்கரோட வேலை, நாம சிஎச்ஏன்னு கூப்டறோமே அவர். சில ஆபீஸ்ல ரெண்டும் ஒரே கூரைக்கு கீழ இருக்கும், சில இடத்துல ஃபார்வர்டர் வெளிய ஒரு புரோக்கர் கிட்ட குடுத்து பண்ணுவார்.

நம்ம ஃபார்வர்டர் பாரிஸ் கார்னர் பக்கம் ஆபீஸ் வெச்சிருக்க ஒரு பாய், வயசானவர், அப்பாவுக்கு பழக்கம். எல்லாம் நல்லா தான் போச்சு. வண்டி வாலாஜா டோல் தாண்டி போயி 40 பெட்டியும் சிஎஃப்எஸ்ல இறங்கிடுச்சு, கஸ்டம்ஸ் பாத்து ஏற்றுமதி பண்ணலாம்னு ஆர்டரும் குடுத்துட்டாங்க, கன்டெய்னர்ல அடுக்க வேண்டியது தான் பாக்கி. வியாழக்கிழமை சாயங்காலம் ஜெர்மனிக்காரர் மெயில் போடறார், கடைய இடிச்சு கட்டறோம், இப்போதைக்கு 16 பெட்டி போதும், மிச்சத்த ஆறு வாரம் கழிச்சு அனுப்புங்கன்னு.

நான் உடனே பாய்க்கு போன் பண்ணி ரொம்ப சாதாரணமா சொன்னேன், பாய் 16 அனுப்பிடுங்க, 24 உங்க குடோன்லயே வெச்சிருங்க, அடுத்த மாசம் சேத்து அனுப்பிக்கலாம்னு. ஒரு நிமிஷம் அவர் பேசவே இல்ல. அப்பறம் சொன்னார், "தம்பி, எனக்கு ஏது குடோன்? அது சிஎஃப்எஸ் இடம். கஸ்டம்ஸ் கண்ட்ரோல்ல இருக்கிற இடம். சரக்கு ஓடினா தான் நான், நின்னா மீட்டர் ஓடும்."

அப்பறம் நடந்தது தான் கொடும. ஷிப்பிங் பில் 40 பெட்டிக்கு போட்டாச்சு, கஸ்டம்ஸ் ஓகே பண்ணியாச்சு. இப்போ 16 மட்டும் போகுதுன்னா ஷார்ட் ஷிப்மென்ட்னு எழுதி குடுக்கணும், ஏற்றுமதிக்கு கவர்ன்மென்ட் திருப்பி தர டிராபேக் எல்லாம் போன அளவுக்கு தான் வரும். மிச்சம் 24 பெட்டிய வெளிய எடுத்துகினு வரணும்னா "பேக் டு டவுன்"னு ஒரு பெர்மிஷன் வாங்கணும், நம்ம சரக்கு தானே வண்டி அனுப்பி தூக்கிகினு வந்துடலாம்னு நெனச்சா முடியாது, உள்ள போனது போனது தான். அதுக்கு லெட்டர், அலைச்சல், நடுவுல லீவு நாள், எல்லாம் சேந்து 23 நாள் ஆச்சு. சிஎஃப்எஸ்ல முதல் சில நாள் தான் ஃப்ரீ, அதுக்கப்புறம் இடத்து வாடகை. வாடகை, இறக்கி ஏத்தற கூலி எல்லாம் 13,200, கஸ்டம்ஸ் பேப்பர் வேலைக்கு 9,000, திரும்ப கொண்டு வந்த வண்டிக்கு 7,400, ஆறு வாரம் கழிச்சு மறுபடி கொண்டு போய் சேத்ததுக்கு 5,000. மொத்தம் 34,600. அந்த ஆர்டர்ல எனக்கு நிக்க வேண்டிய லாபத்துல பாதி கிட்ட போச்சு. இதுல பாய் மேல ஒரு தப்பும் இல்ல, அவர் வேலைய அவர் சரியா தான் பண்ணார், அவர் கிட்ட இல்லாத வேலைய நான் கேட்டேன்.

அதுக்கப்புறம் பையர் கிட்ட ஒரே ஒரு பழக்கம் மாத்திட்டேன். பெட்டி எங்க வாசல் தாண்டறதுக்கு முன்னாடி "இத்தன பெட்டி, இந்த தேதி"ன்னு மெயில்ல ஓகே வாங்காம வண்டி வர சொல்றதில்ல. பிரிச்சு கேட்டா இங்கயே பிரிச்சு ரெண்டு ஷிப்பிங் பில்லா போட்டுடறேன். அப்படி பிரிச்சா செலவு ஏறும், ஏன்னா சரக்கு எவ்ளோ இருந்தாலும் ஒரு தடவைக்குன்னு ஒரு செலவு இருக்கு, டாகுமென்ட், கிளியரன்ஸ், பில் சார்ஜ் எல்லாம் சேந்து எங்களுக்கு ஒரு 11,000 வருது. ரெண்டு தடவை அனுப்பினா 11,000 கூட. ஆனா அது முன்னாடியே தெரிஞ்ச 11,000, பையர் கிட்ட சொல்லி விலைல ஏத்திக்கலாம், இந்த 34,600 மாதிரி தலைல வந்து விழாது.

இன்னொன்னும் இங்க சொல்லிடறேன், எல்சிஎல்ல ஃபார்வர்டர் ரேட் ரொம்ப சீப்பா வந்தா சந்தோஷப்படாதீங்க. பாய்க்கு முன்னாடி வேற ஒருத்தர் சிபிஎம்முக்கு கிட்டத்தட்ட சும்மான்ற மாதிரி ரேட் குடுத்தார், நான் ஜெயிச்சுட்டேன்னு நெனச்சேன். சரக்கு அந்த பக்கம் இறங்கினதும் அங்க இருக்கிற ஏஜென்ட் பையர் கிட்ட டெஸ்டினேஷன் சார்ஜுன்னு ஒரு பெரிய பில்ல நீட்டிட்டான், இங்க விட்ட காச அங்க புடிச்சுக்கறாங்க. பையர் எனக்கு மெயில்ல குடுத்த டோஸ் இன்னும் இருக்கு. இப்போ எல்லாம் ரேட் கேக்கறப்பவே அந்த பக்க சார்ஜையும் எழுதி வாங்கிடறேன், எழுதி தர மாட்டேன்னா வேற ஆள்.

ஆக எக்ஸ்போர்ட்ல என் சைஸ் ஆளுக்கு ஃபார்வர்டர் வேணுமா வேணாமான்னு ஒரு கேள்வியே கிடையாது. வேணும், எந்த ஆளுன்றது தான் கேள்வி. ஆனா த்ரீபிஎல் அப்படி இல்ல. அது வெச்சுக்கலாம், வெச்சுக்காமயும் இருக்கலாம், அதுக்கு நாம உக்காந்து கணக்கு போடணும். நான் போட்டேன், தப்பா போட்டேன்.

ஆன்லைன் ஆர்டர் மாசம் 300 வந்துகினு இருந்தது. முன் ரூம்ல மல்லிகாக்கா ஒருத்தங்க தான் எல்லாம். ஆர்டர் பாத்து வாலட் எடுத்து, தையல் சரியா இருக்கான்னு ஒரு தடவை தடவி பாத்து, பாக்ஸ்ல போட்டு, லேபிள் ஒட்டி, மதியத்துக்கு மேல கூரியர் பாயிண்ட்டுக்கு அனுப்பிடுவாங்க. அவங்க சம்பளம் 12,000, அந்த ரூமுக்கு வாடகை கணக்கு 4,000, கூரியர் பாயிண்ட் வரைக்கும் கொண்டு போற செலவு 1,500. 17,500. ஒரு ஆர்டருக்கு 58 ரூபா. பாக்ஸ், டேப் எல்லாம் தனி, அது எங்க பேக் பண்ணாலும் ஆகற செலவு தான்.

அப்போ தான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பெரிய குடோன்காரங்க, த்ரீபிஎல், ஆள் அனுப்பி பேசினாங்க. நல்ல பசங்க, லேப்டாப்ல எல்லாம் காட்டினாங்க. சரக்க எங்க கிட்ட குடுத்துடுங்க, நாங்க ரேக்ல வெச்சுக்கறோம், ஆர்டர் விழுந்தா நாங்களே எடுத்து பேக் பண்ணி கூரியர்ல போட்டு, திரும்பி வந்தா செக் பண்ணி மறுபடி ரேக்ல வெச்சுடுவோம்னு. ஒரு ஆர்டருக்கு 28 ரூபா. நான் 58ஐயும் 28ஐயும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாத்தேன், கண்ணு கட்டிடுச்சு.

28 ரூபா எடுத்து பேக் பண்றதுக்கு மட்டும். அதுக்கு மேல ஸ்டோரேஜ் மாசம் 7,000, சாப்ட்வேருக்கு 3,000, திரும்பி வர பார்சலுக்கு ஒவ்வொன்னுக்கும் 18. கேஷ் ஆன் டெலிவரி இருக்கறதால அஞ்சுல ஒன்னு திரும்பி வரும், இத ஆர்டிஓன்னு சொல்வாங்க, வண்டி ரெஜிஸ்டர் பண்ற ஆபீஸ் இல்ல, ரிட்டர்ன் டு ஒரிஜின். 300 ஆர்டருக்கு கணக்கு போட்டா 7,000, 3,000, 8,400, ரிட்டர்ன் 60க்கு 1,080, கூட்டினா 19,480. ஒரு ஆர்டருக்கு 65. அதோட முடிஞ்சா கூட சரின்னு விட்டுடலாம், ஏன்னா அவங்க கூரியர் ரேட் நம்மள விட கம்மி, நமக்கு 74 ஆகற அரை கிலோ பார்சல் அவங்களுக்கு 60, அதுல 14 ரூபா மிச்சம். ஆனா அக்ரிமென்ட் மூணாவது பக்கத்துல மினிமம் பில்லிங் 30,000னு ஒரு வரி. ஆர்டர் கம்மியா வந்தாலும் மாசம் 30,000 கட்டணும், ஆறு மாசம் லாக்-இன். அப்போ 300 ஆர்டருக்கு ஒன்னு 100 ரூபா ஆவுது, கூரியர்ல மிச்சம் 14 கழிச்சாலும் 86.

இத நான் கையெழுத்து போடறதுக்கு முன்னாடியே பாத்தேன். பாத்துட்டும் போட்டேன். தீபாவளி வருது, ஆர்டர் ஏறும், 700 போச்சுன்னா கணக்கு நமக்கு சாதகமா திரும்புதுன்னு நெனச்சேன். அது தப்பில்ல, 700 ஆர்டர்னா அவங்க பில் 32,120, ஆர்டருக்கு 46, கூரியர் மிச்சத்த கழிச்சா 32. நாமளே பண்ணா இன்னொரு ஆள் வைக்கணும், 29,500 ஆவும், ஆர்டருக்கு 42. ஒரு ஆள் தாங்கற வரைக்கும் வீட்ல பண்றது தான் சீப், ரெண்டாவது ஆள் தேவைப்படற இடத்துல தான் கணக்கு பொரளுது. எங்க பக்கத்து சம்பளத்துல கூலிய மிச்சம் பண்றதுக்காக த்ரீபிஎல் போறதுல அர்த்தமே இல்ல, மிச்சம்னா அது கூரியர் ரேட்ல தான் வருது. 

ஆனா நான் கோட்டை விட்டது வேற இடத்துல. எங்க வாலட்ல பேர் போட்டு தரோம், சூடான அச்சுல, எம்பாஸ். கல்யாண கிஃப்ட், பர்த்டே கிஃப்ட்னு அதுக்கு தான் நிறைய பேர் வராங்க. 300ல 110 ஆர்டர் பேர் போட்டது. அந்த மெஷினு எங்க பட்டறைல தான் இருக்கு, குடோன்ல ஒருத்தன் ஒவ்வொரு வாலட்டா எடுத்து "கார்த்திக்"னு அச்சு கோத்து அடிச்சுகினு இருக்க மாட்டான். அந்த 110 எப்பவும் மேல்விஷாரத்துல இருந்து தான் போவும். அப்போ அவங்க கிட்ட போறது 300 இல்ல, 190 தான். 30,000ஐ 190ஆல வகுத்தா 158 ரூபா. அத விட முக்கியமா, அந்த 110க்காக மல்லிகாக்கா இருந்தே ஆகணும், ரூமும் இருந்தே ஆகணும். நான் 17,500க்கு பதிலா 30,000னு நெனச்சுகினு இருந்தேன், நடந்தது 17,500ம் 30,000ம். ஒரு செலவ வெளிய குடுக்கறோம்னா உள்ள இருக்கிற செலவு நெஜமாவே நிக்குதான்னு பாக்கணும், நான் அத பாக்கல.

சரக்கு அனுப்பறதுக்கு முன்னாடி ஜிஎஸ்டி வேலை ஒன்னு இருக்கு. அவங்க குடோன் அட்ரஸ நம்ம ரெஜிஸ்ட்ரேஷன்ல கூடுதல் வியாபார இடம்னு சேக்கணும், அது ஓகே ஆகி வர வரைக்கும் சரக்க அனுப்ப வேணாம்னு ஆடிட்டர் சொல்லிட்டார். ஒரே ஸ்டேட்டுன்றதால டெலிவரி சலான் போட்டு அனுப்பினா போதும், தமிழ்நாட்டுக்குள்ள ஒரு லட்சத்துக்கு மேல சரக்குன்னா ஈவே பில்லும். பெங்களூர்ல ஒரு குடோன் ரேட் கம்மின்னு ஆசை காட்டினாங்க, அங்க போனா கர்நாடகாவுக்கு தனி ஜிஎஸ்டி நம்பர் எடுக்கணும், நம்ம சரக்க நாமளே அனுப்பினா கூட அது சப்ளைன்னு டாக்ஸ் கட்டி அனுப்பணும், பின்னாடி கிரெடிட் வரும் தான், ஆனா அது வரைக்கும் காசு மாட்டிகினு இருக்கும். என் மாதிரி ஆளுக்கு ஒத்து வராது.

முதல் லோடு 1,500 பீஸ் அனுப்பினேன். அவங்க ரிப்போர்ட்ல 1,462. 38 எங்க? ஒரு வாரம் சண்ட. கடைசில பாத்தா தப்பு எங்களுது. ஒரே பெட்டில நாலு மாடல கலந்து போட்டு அனுப்பிட்டோம், பெட்டி மேல எந்த விவரமும் இல்ல, லிஸ்ட்டும் முன்கூட்டி அனுப்பல. அவங்க எண்ணினப்போ கார்டு ஹோல்டர் வாலட்டுக்குள்ள ஒட்டிகினு போயிருக்கு. அத விட பெரிய கூத்து கலர். எங்க கிட்ட டான்னு ஒரு கலர், காக்னாக்னு ஒரு கலர், ரெண்டும் பழுப்பு தான், மல்லிகாக்கா இருட்டுல குடுத்தா கூட தடவி சொல்லிடுவாங்க, இந்த லாட் ராணிப்பேட்டை தோலு, இது ஆம்பூர்னு. குடோன்ல இருக்கிற பையனுக்கு ரெண்டும் ஒன்னு. முதல் மாசமே 14 ஆர்டர் கலர் மாறி போச்சு, ஒவ்வொன்னுக்கும் போக வர கூரியர் நம்ம தலைல. அந்த பையன் மேல கோவப்பட்டு என்ன பண்றது, பார்கோட் ஒட்டாம அனுப்பினது நான். ரெண்டாவது லோடுல இருந்து ஒவ்வொரு பீஸ்லயும் பார்கோட், ஒரு பெட்டிக்கு ஒரே மாடல், பெட்டி மேல எண்ணிக்கை, வண்டி கெளம்பும்போதே லிஸ்ட் மெயில். எண்ணும்போது நம்ம ஆள் ஒருத்தர் பக்கத்துல நிப்பார். அதுக்கப்புறம் கலர் தப்பு மாசத்துக்கு ஒன்னோ ரெண்டோ தான்.

மல்லிகாக்கா அப்போ ஒன்னு சொன்னாங்க, "இன்னாப்பா, நம்ம கைல கீற வேலைய பேப்பர்ல எழுதி குடுக்காம இன்னொருத்தன் கைல குடுத்தா அவன் இன்னா பண்ணுவான்." 

நியாயமா தீபாவளி மாசத்தையும் சொல்லணும். அந்த மாசம் 1,150 ஆர்டர். அதுல பேர் போட்டது 330, அத இங்க ராத்திரி 11 மணி வரைக்கும் உக்காந்து அடிச்சோம். மீதி 820 அவங்க பண்ணாங்க, எனக்கு ஒரு போன் கூட வரல. பில் 35,912, ஆர்டருக்கு 44, கூரியர்ல 14 மிச்சம். அந்த 820ம் இந்த முன் ரூம்ல வந்து குவிஞ்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நெனச்சாலே பயமா இருக்கு, தீபாவளிக்கு வர வேண்டிய கிஃப்ட் கார்த்திகைக்கு போயிருக்கும். அடுத்த மாசம் ஆர்டர் 280க்கு இறங்கிடுச்சு, மறுபடி மினிமம் பில். ஆறு மாசத்துல அஞ்சு மாசம் மினிமம் தான் கட்டினேன்.

லாக்-இன் முடிஞ்சதும் வெளிய வந்தேன். வெளிய வரதும் சும்மா இல்ல, மிச்ச சரக்க எண்ணி ஏத்தி விடறதுக்கு ஒரு சார்ஜ், பாக்கி பில் ஒரு ரூபா இருந்தாலும் சரக்கு வெளிய வராது. எனக்கு அது ஒழுங்கா முடிஞ்சுது. ஆம்பூர்ல தெரிஞ்ச ஒருத்தருக்கு ரிட்டர்ன் கணக்குல தகராறு, ரெண்டு மாசம் ஷூ எல்லாம் அவன் குடோன்ல மாட்டிகிச்சு, சீசன் போயிடுச்சு. நம்ம சரக்கு அடுத்தவன் பூட்டுக்குள்ள இருக்குன்றத கையெழுத்து போடும்போதே யோசிக்கணும், எத்தன நாள் நோட்டீஸ், வெளிய எடுக்க என்ன சார்ஜ், தகராறு இருந்தா தகராறுல இல்லாத சரக்க விடுவாங்களான்னு. இன்ஷூரன்ஸும் அப்படி தான். குடோன் தீப்பிடிச்சா அவங்க பொறுப்பு அக்ரிமென்ட்ல ஒரு எல்லைக்குள்ள தான், நம்ம ஃபயர் பாலிசில அந்த அட்ரஸ சேத்தா தான் நமக்கு முழுசா வரும். கப்பல் பக்கமும் இதே தான், ஃபார்வர்டர் பொறுப்புக்கு ஒரு அளவு இருக்கு, சரக்கோட முழு மதிப்புக்கு மரைன் பாலிசி நாம தனியா எடுக்கணும். பாய் இருக்கார்னு அத எடுக்காம நாலு ஷிப்மென்ட் அனுப்பியிருக்கேன், இப்போ நெனச்சா வயித்த கலக்குது.

இப்போ என்ன பண்றேன்னா, மாசம் 300 இருக்கிற வரைக்கும் எல்லாம் முன் ரூம் தான். செப்டம்பர்ல இருந்து நவம்பர் வரைக்கும் மட்டும் பூந்தமல்லி தாண்டி ஒரு சின்ன குடோன்காரர் கிட்ட குடுக்கறேன், மினிமம் கிடையாது, ஆர்டருக்கு 46 ரூபா, ஸ்டோரேஜ் எடுத்த இடத்துக்கு மட்டும். பெரிய ஆளுங்க 28 சொன்னதுக்கு இவர் 46 சொல்றார், பாக்கறவங்க ஏமாந்துட்டன்னு தான் சொல்றாங்க. அவர் கிட்ட போறது வேகமா ஓடற ஆறு மாடல் மட்டும், பேர் போடாதது. மெதுவா ஓடற மாடல் அங்க போனா ஸ்டோரேஜ் தின்னுடும். இதுலயும் ஒரு தொல்லை இருக்கு, ஒரு கஸ்டமர் வாலட்டும் பெல்ட்டும் சேத்து ஆர்டர் போட்டா வாலட் அங்க, பெல்ட் இங்க, ரெண்டு பார்சல் ரெண்டு கூரியர் சார்ஜ். அதுக்கு இன்னும் வழி கிடைக்கல, அந்த மூணு மாசம் காம்போ ஆஃபர நிறுத்தி வெச்சிடறேன், அவ்ளோ தான்.

லாஜிஸ்டிக்ஸ்னு போர்டு போட்டுகினு எல்லாமே பண்றோம்னு சொல்ற ஆள் வந்தா நான் இப்போ போன மாச பில்லு ஒன்னு காட்டுங்க, கஸ்டமர் பேர மறைச்சிட்டு காட்டுங்கன்னு கேக்கறேன். ஷிப்மென்ட்டுக்கு ஒரு பில், சிபிஎம் கணக்கு, டாகுமென்ட் சார்ஜுன்னு இருந்தா அவர் ஃபார்வர்டர். மாசத்துக்கு ஒரு பில், ஸ்டோரேஜ், ஆர்டர் எண்ணிக்கை, ரிட்டர்ன்னு இருந்தா த்ரீபிஎல். ரெண்டுமே நெஜமா பண்றவங்களும் இருக்காங்க, அவங்க கிட்ட ரெண்டு விதமான பில்லும் இருக்கும். ஒரு விதம் தான் இருக்கு, இன்னொன்னு "பண்ணிடலாம் சார்"னா, அந்த இன்னொன்ன அவர் வேற எவன் கிட்டயோ குடுக்க போறார், நடுவுல ஒரு கமிஷன்.

போன வாரம் பாயே போன் பண்ணார். மாதவரம் பக்கம் பையன் ஒரு குடோன் எடுத்திருக்கான், இப்போ நாங்களும் த்ரீபிஎல் தான் தம்பி, அன்னைக்கு கேட்டியே, இப்போ வெச்சுக்கறேன் குடுன்னார். கஸ்டம்ஸ்க்குள்ள போறதுக்கு முன்னாடியா, போனதுக்கு அப்பறமானு கேட்டேன். முன்னாடி தான்னு சொல்லி சிரிச்சார். அப்போ ஸ்டாக் ஸ்டேட்மென்ட் தினம் எத்தன மணிக்கு அனுப்புவீங்க பாய்னு கேட்டேன், பையன் கிட்ட கேட்டு சொல்றேன்னார். இன்னும் சொல்லல. ஜெர்மனிக்காரர் இந்த தடவையும் பிரிச்சு தான் கேட்டிருக்கார், 16ம் 24ம். 24 பெட்டி முன் ரூம்லயே அடுக்கி வெச்சிருக்கோம், மல்லிகாக்கா அது மேல தான் டீ கிளாஸ வெக்கறாங்க, வேணாம்க்கா கறை பட்டுடும்னு தினமும் ஒரு தடவை சொல்லிக்கினு இருக்கேன்.